படிவத்தில் கையெழுத்துப் போட்டவரே "அந்தப் படத்தை எடுத்துடு" என்று கேட்டால்?

மாலினி

போன் படங்களை ஸ்டாக் தளங்களில் விற்பவர்களுக்கு மாடல் ரிலீஸ் பற்றி விளக்க வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் பெரியம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வாரம் முழுமைக்குமான மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்துப் போடும் படம். முகம் தெளிவாகத் தெரியும். படிவத்தை முறையாக வாங்கினேன். படம் எடுத்த தேதி, அவர் கையெழுத்து, சாட்சியாக அண்ணியின் கையெழுத்து எல்லாம் சரி. ஆங்கில வாசகத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். "எங்கே போடுவாங்கன்னு நமக்கே தெரியாது பெரியம்மா" என்றும் சொன்னேன். "போட்டுக்கட்டும், என்ன இப்போ" என்று சிரித்தார்.

படம் நன்றாகவே விற்றது. என் பூக்கள், அஸ்தமனங்கள் எல்லாம் சேர்ந்து கொடுத்ததைவிட இது ஒன்றே அதிகம் கொடுத்தது.

அப்புறம் ஒரு நாள் சொந்தக்காரர் ஒருவர் ஒரு இணையக் கட்டுரையை அனுப்பினார். மறதி நோயைப் பற்றிய கட்டுரை. மேலே பெரியம்மா படம், கீழே "இவரைப் போன்ற நோயாளிகள்" என்று ஒரு வரி. பெரியம்மா என் போனை வாங்கித் தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கேடி" என்றார். பிறகு, "அதை எடுத்துடு."

அன்றே தளத்திலிருந்து நீக்கிவிட்டேன். கட்டுரையில் படம் அப்படியே இருக்கிறது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கார்த்தி

இதனால்தான் நான் ஆட்களை முகத்தோடு எடுப்பதே இல்லை. கை மட்டும், முதுகு மட்டும். முகம் இல்லை என்றால் படிவமே தேவையில்லை. தைக்கிற கை, எழுதுகிற கை, செடி நடுகிற கை எல்லாம் படிவம் இல்லாமலே ஏறியிருக்கின்றன. நீங்களும் அப்படியே மாறிவிடுங்கள் மாலினி.

தேவகி

கார்த்தி, உங்கள் படங்கள் ஏறியதில் சந்தேகம் இல்லை. ஆனால் முகம் தெரிகிறதா என்பது அளவுகோல் இல்லை. அந்த ஆளே படத்தைப் பார்த்தால் "இது நான்தான்" என்று நிரூபிக்க முடியுமா என்பதுதான் அளவுகோல். மணிக்கட்டில் பச்சை குத்திய ஒருவரின் கைப்படம் எனக்குத் திரும்பி வந்தது. அவர் படிவத்தைச் சேர்த்து அனுப்பினேன், மறுபடியும் திரும்பியது. பச்சை ஓவியம் இன்னொருவரின் படைப்பு, அதை வரைந்தவரிடமும் அனுமதி வேண்டும் என்றார்கள். கடைசியில் கை வைத்த கோணத்தை மாற்றி வேறு படம் எடுத்தேன். தழும்பு, வித்தியாசமான மோதிரம், வீட்டுச் சூழல் எல்லாமே ஆளைக் காட்டிக் கொடுக்கும்.

மாலினி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீக்கியது சரி. ஆனால் நீக்கினால் புது விற்பனைதான் நிற்கும். ஏற்கெனவே வாங்கியவரின் உரிமம் அப்படியே இருக்கும், படிவமும் பொதுவாகத் திரும்பப் பெற முடியாதபடிதான் எழுதப்பட்டிருக்கும். கூட்டாளித் தளங்களில் படம் மறைய நாளாகலாம், தேடிப் பாருங்கள்.

உங்களுக்கு வழி இருப்பது வேறு இடத்தில். வாங்குபவர் ஏற்கும் உரிமத்தைப் படியுங்கள். படத்தில் இருப்பவரை நோயாளியாகவோ, வேறு விதத்தில் புண்படும்படியோ காட்டக் கூடாது என்று பல தளங்களில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சிலவற்றில், "படத்தில் இருப்பவர் மாடல், விளக்கத்துக்காக மட்டும்" என்று குறிப்புப் போட்டால் அனுமதி உண்டு. உங்கள் கட்டுரையில் குறிப்பு இல்லாதது மட்டுமல்ல, "இவரைப் போன்ற நோயாளிகள்" என்றே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் முகவரி, தேதி தெரியும் திரைப்பிடிப்பு, படத்தின் எண் இந்த மூன்றையும் வைத்துத் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். கட்டுரையை வெளியிட்டவர்களுக்குத் தனியாக எழுதுங்கள். பெரும்பாலும் அவர்கள்தான் முதலில் மாற்றுவார்கள்.

ரஃபீக்

நிராகரிப்பு பற்றிப் பேச்சு வந்ததால் என்னுடையதையும் சொல்கிறேன். எனக்குப் படிவத்தால் நின்றது குறைவு, எல்லாம் தரம்தான். மாலை வெளிச்சத்தில் என் தங்கை படிக்கிற படம் ஒன்று. போன் திரையில் அற்புதமாக இருந்தது. கணினியில் 100 சதவீத அளவில் திறந்தால் தலைமுடி முழுக்க நீர்வண்ணம் பூசின மாதிரி குழைந்திருந்தது. வெளிச்சம் குறைந்தால் போன் புள்ளிகளை அழிக்கிறேன் என்று நுணுக்கத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது. எவ்வளவு திருத்தினாலும் அது திரும்பி வராது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், டிஜிட்டல் ஜூம் வேண்டாம், கிட்டே போய் எடுங்கள். போர்ட்ரெயிட் மோடு வேண்டாம், காதோரமும் கண்ணாடிச் சட்டமும் பாதி மங்கிப் போகும். பகல் வெளிச்சத்தில் பிரதான லென்ஸால் எடுங்கள், ரா கோப்பாகச் சேமிக்க முடிந்தால் இன்னும் நல்லது. வெட்டும்போது 4 மெகாபிக்சலுக்குக் கீழே போகாதீர்கள், பல தளங்களில் அதுதான் கீழ் எல்லை. லென்ஸைத் துடையுங்கள், விரல் பட்ட எண்ணெய் இருந்தால் விளக்கைச் சுற்றி மூட்டமாக வரும். ஒரே காட்சியைப் பத்துக் கோணத்தில் அனுப்பினால் ஒரே மாதிரி இருக்கிறது என்று மொத்தமாகத் திருப்புவார்கள். மாத்திரைப் படம் எடுப்பவர்கள் அட்டையில் உள்ள பெயரும், மாத்திரை மேலே பொறித்த எழுத்தும்கூடத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்வா

மாலினி அக்கா, குறிச்சொற்களில் என்ன போட்டிருந்தீர்கள்? முதுமை, தனிமை, நோய் என்று போட்டிருந்தால் அப்படித்தானே வாங்குவார்கள். என் படங்களுக்கு நான் 50 சொல்லும் நிரப்பிவிடுவேன், நிறைய சொல் இருந்தால்தான் கண்ணில் படும்.

மாலினி

செல்வா, நான் போட்டது வயதான பெண், ஜன்னல், வீடு, மாத்திரைப் பெட்டி, காலை, அன்றாட வழக்கம், நிதானம், இப்படித்தான். நோய் என்று ஒரு சொல்கூட இல்லை. வாங்கியவர் படத்தில் அவருக்குத் தேவையானதைப் பார்த்துக்கொண்டார்.

தேவகி

50 நிரப்புவதால் நன்மை இல்லை செல்வா. சம்பந்தமில்லாத சொல்லில் தேடுகிறவர் உங்கள் படத்தைக் கடந்து போவார், வாங்க மாட்டார். அடோபி ஸ்டாக்கில் உச்சவரம்பு 49, அதிலும் வரிசை முக்கியம், முதல் பத்துச் சொற்களுக்குத்தான் அதிக எடை. படத்தில் யார், என்ன செய்கிறார், எங்கே, என்ன உணர்வு என்று நாலையும் முன்னால் வையுங்கள். எழுத்து வைக்க வெற்றிடம் இருந்தால் அதையும் சேருங்கள், வடிவமைப்பவர்கள் அந்தச் சொல்லைப் போட்டே தேடுவார்கள்.

கார்த்தி

சரி, பச்சை குத்திய கையை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் வீட்டு ஆட்களை வைத்து விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாலினி பெரியம்மா புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டார், இருந்தும் இப்படி ஆயிற்று.

ரஃபீக்

அப்படிப் பார்த்தால் விற்க எதுவும் மிஞ்சாது கார்த்தி. அஸ்தமனம், பூ, பூனை ஏற்கெனவே லட்சக்கணக்கில் கிடக்கின்றன. ஒருவர் கட்டணச் சீட்டைப் பார்த்துக் கணக்குப் போடுவது, குழாயைப் பழுது பார்ப்பது, ரத்த அழுத்தம் அளப்பது, இந்த மாதிரி சாதாரண வேலைகள்தான் எனக்குத் திரும்பத் திரும்ப விற்கின்றன. அதிலெல்லாம் ஆள் இருக்கத்தான் வேண்டும். ஒரு பதிவிறக்கத்துக்குச் சில சென்ட்தான், அதனால் ஒரே படம் பல முறை போக வேண்டும்.

மாலினி

தேவகி அக்கா சொன்னபடி இரண்டு பேருக்கும் எழுதினேன். கட்டுரைக்காரர்கள் படத்தை மாற்றிவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். தளத்திலிருந்து "பரிசீலிக்கிறோம்" என்று மட்டும் பதில். இதற்குள் தலைகீழ்ப் படத் தேடலில் இன்னொன்று கிடைத்தது. ஒரு மருந்தகத்தின் விளம்பரம், "நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுங்கள்" என்று. பெரியம்மாவுக்கு அது பிடித்திருக்கிறது. இதுவும் நிபந்தனை மீறலா?

தேவகி

சில தளங்களின் வாசகத்தில் நோய்க்கு மருந்து எடுப்பவராகக் காட்டுவதும் சேர்த்தே தடுக்கப்பட்டிருக்கிறது. படமே மாத்திரைப் படம் என்பதால் எந்தப் பக்கமும் வாதாடலாம். பெரியம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை என்றால் நான் அதைத் தொட மாட்டேன். ஆனால் அந்தத் தளத்தின் உரிம வாசகத்தை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.