பறிப்பு முடிந்து மூடிவைத்த ஆப், இப்போது இடம் காட்டவில்லை

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்தில் பறித்த பழத்தின் எடையை ஒரு ஆப்பில் பதிவோம். தை மாதத்தோடு பறிப்பு முடிந்தது, அப்புறம் யாரும் அதைத் திறக்கவில்லை. நேற்று திறந்தால் எடை பதிகிறது, எந்த இடத்தில் பறித்தது என்பது மட்டும் வெறுமை. போன் பழுது என்று நினைத்து சேலத்துக்கு பஸ் ஏறப் பார்த்தேன்!

செட்டிங்ஸில் பார்த்தால் Location அனுமதி போயிருந்தது. ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதம் திறக்காத ஆப்பின் அனுமதிகளை போனே எடுத்துவிடுமாம். திரும்பக் கொடுத்ததும் சரியானது. App info பக்கத்தில் Pause app activity if unused என்பதையும் அணைத்துவிட்டேன்.

மேஸ்திரிகள் போன் இன்னும் ஆறு இருக்கிறது. அந்த ஆப் அனுப்பும் அறிவிப்பைத் திறக்காமல் தள்ளிவிடுவதுதான் அவர்கள் வழக்கம். அதையும் ‘பயன்படுத்தியதாக’ போன் கணக்கில் எடுக்குமா, இல்லை ஆறிலும் அணைத்துத்தான் ஆகவேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.