பெட்டிக்குள் நிலையலைகளை எண்ணுவதில் ஒரு சந்தேகம்

வணக்கம். கரும்பொருள் கதிர்வீச்சுக்காக, L பக்கமுள்ள கனசதுரப் பெட்டியில் மோடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு மோடும் (nx, ny, nz) என்ற புள்ளி. R = 2Lν/c ஆரமுள்ள கோளத்தில் எட்டில் ஒரு பங்கை எடுத்து, இரண்டு தளவிளைவுகளுக்காக 2-ஆல் பெருக்கினால் πR³/3. (1905-ல் ரேலி விட்ட அந்த எட்டில் ஒன்றைத்தான் ஜீன்ஸ் திருத்தினார்.) இதிலிருந்து ஓரலகு கனஅளவுக்கு 8πν²/c³ வந்துவிடுகிறது. அதுவரை சரி.

R = 3 என்று வைத்துக் கையால் எண்ணிப் பார்த்தேன். சூத்திரம் 28 என்கிறது. மூன்று எண்களும் 1 அல்லது அதற்கு மேல் உள்ள புள்ளிகள் 7, ஆக 14 மோடுகள்தான்! பாதியைக் காணோம். அப்புறம்தான் (1,1,0) போன்றவை நினைவுக்கு வந்தன. nz = 0 என்றால் Ex, Ey இரண்டிலும் sin(nzπz/L) பூச்சியமாகிவிடும், Ez மட்டும் மிஞ்சும்; அதனால் அவற்றுக்கு ஒரே தளவிளைவு. அப்படி 12 புள்ளிகள். மொத்தம் 26.

என் கேள்வி: கோளத்தின் எட்டில் ஒரு பங்குடைய தட்டையான முகங்களில் உள்ள இந்தப் புள்ளிகளை ஒரு முறை மட்டும் எண்ணுவதால், R² அளவிலான பிழை முழுவதும் நீங்கிவிடுகிறதா? R பெரிதாகும்போது மிச்சம் எந்த அளவில் வளரும்? எளிய விளக்கம் தெரிந்தவர்கள் படிப்படியாக எழுதினால் உதவியாக இருக்கும்.