மறுகற்பித்தலில் கூடும் மதிப்பெண் எதைக் காட்டுகிறது?

இளந்தளிர்: எங்கள் ஆசிரியர் பயிற்சியில், ஒரு சிறு குழுவின் முன் ஒரே ஒரு கற்பித்தல் திறனை மட்டும் பழகும் நுண்ணிலைக் கற்பித்தல் 36 நிமிடச் சுழற்சியாக நடக்கிறது. கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. மாணவர்களாக அமர்பவர்கள் சக பயிற்சியாளர்களே. அதே பாடத்தை அதே நபர்களுக்கு இரண்டாம் முறை நடத்தும்போது எல்லோருக்கும் மதிப்பெண் கூடிவிடுகிறது. இதைத் திறன் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கரும்பலகை: எடுத்துக்கொள்ள முடியாது என்பதே என் உறுதியான கருத்து. கேள்வி என்ன, விடை என்ன, எந்த இடத்தில் கை தூக்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டாம் முறை அமர்ந்திருப்பவர்களுக்கு முன்பே தெரியும். தோழிக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணமும் அவர்களிடம் இருக்கும். ஆகவே அங்கே நடப்பது ஒத்திகை பார்த்த நாடகம். அந்த நேரத்தை உண்மையான வகுப்பறையில் செலவிட்டால் பயிற்சியாளர் அதிகம் கற்றுக்கொள்வார். மறுகற்பித்தலைக் கைவிடலாம்.

வெள்ளைத்தாள்: கரும்பலகை அவர்கள் சுட்டும் குறை உண்மையானது. ஆனால் அந்தக் குறை மறுகற்பித்தலின் இயல்பிலிருந்து வரவில்லை, நாம் அதை நடத்தும் விதத்திலிருந்து வருகிறது. 1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடன் பணியாற்றியவர்களும் இம்முறையை உருவாக்கியபோது எதிரில் நாலைந்து உண்மையான மாணவர்கள் இருந்தார்கள். மறுகற்பித்தலுக்கு வேறொரு மாணவர் குழு வந்தது. பாடம் அதே, கேட்பவர்கள் புதியவர்கள் என்பதால்தான் இரண்டு முயற்சிகளையும் ஒப்பிடுவதற்குப் பொருள் இருந்தது. சக பயிற்சியாளர்களை மாணவர்களாக அமர்த்தும் வசதியான ஏற்பாடு பரவியபோது, குழுவை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் சத்தமின்றி விடுபட்டுப்போயிற்று.

மாணவரின் விடையைத் தொடர்ந்து கேள்வி கேட்டு அவரை மேலும் சிந்திக்க வைக்கும் கிளர்வினாத் திறனை எடுத்துக்கொள்வோம். ஒரு பயிற்சியாளர் ஆவியாதல் பாடத்தில், "ஈரத்துணி நிழலில் காயுமா?" என்று கேட்கிறார். மாணவராக அமர்ந்தவர் "காயாது" என்கிறார். உடனே பயிற்சியாளர், "இல்லை, காயும், நீர் எந்த வெப்பநிலையிலும் ஆவியாகும்" என்று தாமே சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். உற்றுநோக்கல் படிவத்தில் 7 கேள்விகள் பதிவாகின்றன. மாணவரின் விடையைத் தொடர்ந்து எழுந்த கேள்வி ஒன்றுகூட இல்லை. இங்கே பயிற்றுநர் "கேள்விகள் போதவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் பயனில்லை. அந்த உரையாடலை அப்படியே வாசித்துக் காட்டி, "காயாது என்று அவர் சொன்னதும் நீங்கள் வேறு என்ன கேட்டிருக்கலாம்?" என்று கேட்க வேண்டும்.

மறுதிட்டமிடலுக்குரிய 12 நிமிடங்களில் பயிற்சியாளர் பாடம் முழுவதையும் திருத்தத் தேவையில்லை. வரக்கூடிய தவறான விடைகள் மூன்றையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர்வினாவையும் எழுதினால் போதும். "காயாது" என்றால், "மழைநாளில் வீட்டுக்குள் கொடியில் போட்ட துணி மறுநாள் எப்படி இருக்கும்?" "வெயில்தான் நீரை உறிஞ்சுகிறது" என்றால், "இரவில் தரையில் சிந்திய நீர் விடிவதற்குள் எங்கே போனது?" "நீர் துணிக்குள்ளேயே போய்விடுகிறது" என்றால், "அப்படியானால் காய்ந்த துணியும் ஈரத்துணியும் ஒரே எடை இருக்க வேண்டுமல்லவா?"

மறுகற்பித்தலுக்கு, முதல் பாடத்தைப் பார்க்காத நான்கு பேரை அமர்த்தி, மாணவர்கள் வழக்கமாகச் சொல்லும் தவறான விடைகளைச் சீட்டில் எழுதி ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். எது எப்போது வரும் என்பது பயிற்சியாளருக்குத் தெரியக் கூடாது. எழுதி வைத்த மூன்றில் அடங்காத ஒரு விடையும் அவற்றில் இருக்கட்டும். அதற்கு அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் திறன் வளர்ந்ததா இல்லையா என்பது தெரியும்.

நெடும்பயணம்: பாடத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து பயிற்சியாளரிடமே கொடுத்துவிட்டால் இவ்வளவு ஏற்பாடும் தேவைப்படாது. தன் குறைகளைத் தானே கண்டு எல்லாவற்றையும் ஒருசேரத் திருத்திக்கொள்வார். மனிதர் சொல்வதைவிடக் காணொளி நேர்மையானது.

வெள்ளைத்தாள்: காணொளி நேர்மையானது என்பதில் ஐயமில்லை. சொன்னேன், சொல்லவில்லை என்ற வாதத்தை அது முடித்துவைக்கும். ஆனால் தனியே பார்ப்பவரின் கவனம் பெரும்பாலும் தன் குரல், தோற்றம், கையசைவு ஆகியவற்றின் மேலேயே போய்விடும். மாணவர் சொன்ன விடையைத் தாம் கடந்துபோன இடம் கண்ணில் படாது. அந்த இருபது விநாடியை நிறுத்திக் காட்ட ஒருவர் வேண்டும். எல்லாவற்றையும் ஒருசேரத் திருத்துவது என்பதையும் நான் ஏற்கவில்லை. ஆறு குறைகளைச் சுமந்துகொண்டு 12 நிமிடத்தில் திட்டமிடுபவர் ஒன்றையும் திருத்தமாட்டார்.

மாலைவெயில்: 36 நிமிடம் கட்டாயமா என்று கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். எங்கள் குழுவில் 12 பேர். எல்லோருக்கும் முழுச் சுழற்சி என்றால் 432 நிமிடங்கள், அதாவது 7 மணி 12 நிமிடம். ஒரே நாளில் இதை முடிக்கச் சொன்னால் என்ன செய்வது? கடைசியில் பாதிப் பேருக்கு மறுகற்பித்தல் நடக்காமலேயே படிவத்தில் மதிப்பெண் எழுதப்பட்டது. எனக்கும் அப்படித்தான் போட்டார்கள். இன்றுவரை அது எனக்கு வருத்தமே.

வெள்ளைத்தாள்: கேள்வி நேரத்தைப் பற்றியது அன்று. ஆயினும் உங்கள் சிக்கலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மறுதிட்டமிடல் நடக்கும்போது அறை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒருவர் வெளியே அமர்ந்து திட்டமிடுகையில் மற்றொருவர் கற்பிக்கலாம். அப்போது ஒருவருக்கு அறையில் தேவைப்படுவது 24 நிமிடம்தான். 12 பேருக்கு 4 மணி 48 நிமிடம். இரண்டு அறைகளில் அறுவராகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பயிற்றுநர் இருந்தால் அது பாதியாகும். மறுகற்பித்தலுக்கு அறையை மாற்றிக்கொண்டால், பாடத்தைப் பார்க்காத புதிய குழுவும் தானாகக் கிடைத்துவிடும்.

கரும்பலகை: சீட்டு ஏற்பாடு நல்லது, ஏற்கிறேன். ஆனாலும் என் முதன்மையான மறுப்பு அப்படியே நிற்கிறது. படிவம் எண்ணிக்கையைக் கேட்கிறது. 6 நிமிடத்துக்குள் கிளர்வினாக்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று தெரிந்த பயிற்சியாளர் மாணவரைச் சிந்திக்க விடமாட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 விநாடிக்கு மேல் நீட்டினால் மாணவர் விடைகள் நீளமாகவும் காரணம் காட்டுபவையாகவும் மாறுகின்றன என்றும் மேரி பட் ரோவின் ஆய்வுகள் காட்டின. அந்த மூன்று விநாடி மௌனத்துக்குப் படிவத்தில் இடமே இல்லை. நாம் மதிப்பெண் கொடுத்து வளர்ப்பது அவசரத்தைத்தான். வகுப்பில் நாற்பது பேர் இருக்கும்போது, யாரை விட்டுவிட்டு யாரிடம் தொடர்ந்து கேட்பது என்ற முடிவையும் நான்கு பேர் முன்னால் எப்படிப் பழக முடியும்?

வெள்ளைத்தாள்: முதல் பகுதிக்கு விடை உண்டு. எண்ணிக்கைக் கட்டத்துக்கு அருகில், ஒவ்வொரு தொடர்வினாவுக்குப் பின்னும் மாணவரின் விடை மாறியதா என்று குறிக்கும் கட்டம் ஒன்றைச் சேருங்கள். காத்திருந்த நேரத்தையும் பதிவிலிருந்து அளந்துவிடலாம். அப்போது இரண்டு நல்ல கிளர்வினாக்கள் ஏழு அவசரக் கேள்விகளை விட மேலானவை என்பது படிவத்திலேயே தெரியும். நாற்பது பேர் பற்றிய கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. தனித்தனியாகப் பழகிய திறன்களைச் சேர்த்து, 15 அல்லது 20 நிமிடப் பாடமாகச் சற்றுப் பெரிய குழுவுக்கு நடத்தும் இணைப்புப் பயிற்சி அதற்காகவே உள்ளது. அதைப் பெயரளவுக்கு நடத்துவதுதான் வழக்கமாகிவிட்டது.

கரும்பலகை: அப்படியானால் மறுகற்பித்தலில் கூடிய மதிப்பெண்ணை இறுதி மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாது என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

வெள்ளைத்தாள்: அதே குழுவுக்கு நடத்தியதாக இருந்தால் சேர்க்கக் கூடாது. புதிய குழுவாக இருந்தால் சேர்க்கலாம் என்பேன்.

இளந்தளிர்: நன்றி. அடுத்த சுழற்சியில் பக்கத்துக் குழுவிலிருந்து நால்வரைக் கேட்டுப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. கிளர்வினாவுக்குச் சீட்டுகள் பொருந்துகின்றன. பாடம் தொடங்குதல் திறனுக்கோ வலுவூட்டல் திறனுக்கோ சீட்டில் என்ன எழுதுவது?