புள்ளி விட்டுப்போன தலைப்பு: அவுட்லைன் கோப்பில் திருத்திய அனுபவம்

மழைத்துளி
பதாகை ஒன்று SVG கோப்பாக வந்தது. தலைப்பில் ‘கருத்தரங்கம’ என்று இருந்தது, கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை. இன்க்ஸ்கேப்பில் எழுத்துக் கருவியை வைத்துச் சொடுக்கினால் அதே இடத்தில் புதிதாக ஒரு வெற்று வரிதான் தொடங்கியது. தேர்வுக் கருவியால் தொட்டேன். கீழே நிலைப்பட்டையில் `Path` என்று வந்தது. யாரோ முன்பே அவுட்லைன் ஆக்கிவிட்டார்கள்.

சரி, பக்கத்திலேயே ‘த்’ இருக்கிறதே, அதன் புள்ளியை எடுக்கலாம் என்று `Path > Break Apart` கொடுத்தேன். புள்ளி தனியாக வந்தது, ஆனால் த-வின் சுழி கறுப்பாக அடைபட்டுவிட்டது. பின்வாங்கி, இந்த முறை Ctrl+D கொடுத்துப் பிரதி எடுத்து அதை மட்டும் உடைத்தேன். புள்ளியை வைத்துக்கொண்டு மீதியை அழித்து, ‘ங்’ மேலிருக்கும் புள்ளியின் உயரத்துக்கு நகர்த்தினேன். ஒட்டியது தெரியவே இல்லை.

கோடும்வளைவும்
இவ்வளவு சிரமம் எதற்கு? அந்த எழுத்துருவை நிறுவினால் தானாகவே எழுத்தாகிவிடுமே.

பழையஅச்சு
எழுத்துரு காணாமல் போன கோப்புக்குத்தான் அது சரி. அவுட்லைன் ஆனபின் மிஞ்சுவது வெறும் வடிவம், எந்த எழுத்துருவை நிறுவினாலும் திரும்பாது. ஆனால் மாற்றியது இன்க்ஸ்கேப்பிலேயே என்றால் ஒரு தடயம் கிடைக்கும். Ctrl+Shift+X அழுத்தி XML பலகையைத் திறந்து பாருங்கள். `aria-label` என்ற இடத்தில் மூல வரி அப்படியே இருக்கும். பல நேரம் `font-family` பெயரும் அழியாமல் இருக்கும். அதை வைத்துப் புதிதாகத் தட்டச்சு செய்துகொள்ளலாம்.

சின்னத்தூரிகை
எனக்கும் இதே பிரச்சினைதான். இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்துரு இல்லை என்று எச்சரிக்கை வந்தது. ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் `jkpo;` என்று நிற்கிறது. நல்ல யூனிகோடு எழுத்துரு ஒன்றை மாற்றிக் கொடுத்தும் அதேதான்.

பழையஅச்சு
உங்களுடையது வேறு. அது பாமினியில் அடித்த வரி. கோப்புக்குள் சேமித்திருப்பதே j, k, p என்ற ஆங்கில எழுத்துகள்தான். பாமினி அவற்றைத் தமிழாக வரைந்து காட்டியது. அதனால் பாமினியை நிறுவுங்கள், இல்லையென்றால் வரியை யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். ஒட்டியபின் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நின்றால், பத்திப் பலகையின் மெனுவில் `World-Ready` கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். வரியின் நீளம் மாறும், இடைவெளியைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

சின்னத்தூரிகை
கம்போசரை மாற்றியதும் கொம்பு இடத்துக்கு வந்துவிட்டது, மிக்க நன்றி. ஆனால் இரண்டு வரியாக இருந்தது மூன்று வரியாகிவிட்டது, அதோடு போராடிக்கொண்டிருக்கிறேன்.

மழைத்துளி
XML பலகையில் பார்த்தேன், என் கோப்பில் `aria-label` இல்லை. இப்போது துணைத்தலைப்பில் ‘விஞ்ஞானம்’ என்று சேர்க்கச் சொல்கிறார்கள். கோப்பில் எங்கும் ஞ இல்லை, கடன் வாங்க வழியில்லை. தலைப்பைப் படமாகப் போடுகிறேன், எழுத்துருவை அடையாளம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.