ஒரே பட்டியல், மூன்று கடிதம்: 'பணிந்து' எங்கே, 'தாங்கள்' எங்கே?

வரைவெழுத்து: ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியல் தொடர்பாக மூன்று வரைவு வைக்க வேண்டும்: மாவட்ட ஆட்சியருக்கு, பக்கத்து ஒன்றிய வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, எங்கள் ஊராட்சிச் செயலருக்கு. மூவருக்குமே 'தாங்கள்', 'பணிந்து' என்று எழுதிவிடலாமா?

பணிவன்பன்: தாராளமாக எழுதுங்கள். மரியாதை கூடிப்போனது என்று யாரும் கோப்பைத் திருப்ப மாட்டார்கள், குறைந்தால்தான் வம்பு.

பழையகோப்பு: திருப்புவார்கள். கடிதத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள் இல்லை, உங்கள் வட்டார வளர்ச்சி அலுவலர். படிநிலையை அவர் நாற்காலியிலிருந்து பாருங்கள். பக்கத்து ஒன்றிய அலுவலர் உங்களுக்கு மேலே, ஆனால் அவருக்குச் சமம். அந்தக் கடிதத்தில் 'பணிந்து' வந்தால், ஓர் அலுவலர் தன் சக அலுவலரிடம் பணிவதாக ஆகும். கையெழுத்துக்குப் போகும்போது முதலில் அடிபடுவது அந்தச் சொல்தான்.

ஆட்சியருக்கு: "பட்டியல் தங்களின் மேலான பார்வைக்குப் பணிந்து அனுப்பலாகிறது." பக்கத்து ஒன்றியத்துக்கு: "பட்டியலின் நகலை அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்." 'தங்கள்' இங்கேயும் இருக்கலாம், 'பணிந்து', 'மேலான' இரண்டும் வேண்டாம். ஊராட்சிச் செயலருக்குக் கடிதமே வேண்டாம், குறிப்பாணை போதும். அதில் 'ஐயா' என்ற விளிப்பும் கிடையாது, 'தங்கள் உண்மையுள்ள' என்ற முடிப்பும் கிடையாது.

மின்னஞ்சல்வாசி: எங்கள் தனியார் கம்பெனியில் எல்லா மெயிலும் 'அன்புள்ள சார்' என்றுதான் தொடங்குகிறது. அதுவே போதாதா?

பழையகோப்பு: கம்பெனிக்குள் அது பழக்கமானால் தொடருங்கள். கேட்டவருடையது அரசுக் கோப்பு. அங்கே 'அன்புள்ள திரு...' என்பது அலுவலர்கள் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி எழுதும் நேர்முகக் கடிதத்துக்கு உரியது. பதவிக்குப் போகும் கடிதத்தில் 'ஐயா' அல்லது 'அம்மையீர்' போதும். பதவியில் இருப்பவர் யார் என்று விசாரித்து இரண்டில் ஒன்றை அடித்துவிடுங்கள். 'ஐயா/அம்மையீர்' என்று அப்படியே போனால், யாருக்கு எழுதுகிறோம் என்றே பார்க்காமல் அனுப்பியது தெரியும்.

கீழ்நோக்காதவள்: குறிப்பாணை விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "ஊராட்சிச் செயலர் 3 நாட்களுக்குள் பட்டியலை ஒப்படைக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்" என்று எழுதுகிறோம். தாளைக் கையில் வாங்கிப் படிப்பவரே அவர்தான். அவரிடமே அவரைப் பற்றி யாரிடமோ சொல்வது போல எழுதுவது மரியாதைக் குறைவு. 'நீங்கள் ஒப்படைக்க வேண்டும்' என்பதில் என்ன கெட்டுப்போகிறது?

பழையகோப்பு: அது ஆளுக்கு எழுதியது இல்லை, பதவிக்கு எழுதியது. அவர் மாறுதலில் போனாலும் ஆணை அந்த நாற்காலியைக் கட்டுப்படுத்தும். பின்னால் தணிக்கைக்கு வருபவருக்கும் யாருக்கு உத்தரவு போனது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரியும். 'நீங்கள்' என்றால் மேலே பெறுநரைத் தேட வேண்டும்.

கீழ்நோக்காதவள்: பெறுநர் அதே தாளில்தானே இருக்கிறார், தேட எவ்வளவு நேரம் ஆகும்? பதிவுக்காகத்தான் என்றால் 'அறிவுறுத்தப்படுகிறார்' என்பதைக் 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்' என்றாவது மாற்றலாம். தவறு செய்தவருக்கும் வழக்கமான பட்டியல் கேட்கும்போதும் ஒரே சொல் எதற்கு?

பழையகோப்பு: அது நியாயம். முதல் தடவை 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்', நினைவூட்டில் 'அறிவுறுத்தப்படுகிறார்' என்று போகலாம். படர்க்கையை மட்டும் விட மாட்டேன்.

பணிவன்பன்: சரி, 'பணிந்து' போகட்டும். 'தாங்கள்' எங்கும் ஆபத்து இல்லையே?

இலக்கணக்கண்: இருக்கிறது. 'தங்கள்' வாசிப்பவரையும் குறிக்கும், வாக்கியத்தில் முன்னால் வந்த பன்மையையும் குறிக்கும். "ஊராட்சிச் செயலர்கள் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்த ஆவணங்கள்" என்று பக்கத்து ஒன்றியத்துக்கு எழுதினால், ஆவணம் எங்கே இருக்கிறது? ஊராட்சி அலுவலகத்திலா, ஒன்றிய அலுவலகத்திலா? இருவரும் மற்றவரிடம் இருப்பதாக நினைத்து உட்கார்ந்திருப்பார்கள். 'தங்கள் ஒன்றிய அலுவலகத்தில்' என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

'அவர்கள்' போட்டால் வினையும் கூடவே வர வேண்டும். "வட்டாட்சியர் அவர்கள் ஆய்வு செய்தார்" என்பது பாதி மரியாதை. 'அவர்கள் செய்தார்கள்' என்று எழுதுங்கள், அல்லது 'வட்டாட்சியர் ஆய்வு செய்தார்' என்று விடுங்கள். பலர் பெயர் வரும் கடிதத்தில் இரண்டாவதுதான் நல்லது. இல்லாவிட்டால் வந்தது ஒருவரா பலரா என்று குழம்பும்.

வரைவெழுத்து: சமநிலைக் கடிதத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்: "தாங்கள் உங்கள் ஒன்றியப் பட்டியலின் நகலை அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இலக்கணக்கண்: 'தாங்கள்' என்று தொடங்கினால் 'தங்கள்' என்றே போக வேண்டும், நடுவில் 'உங்கள்' வரக்கூடாது. இந்த வாக்கியத்துக்குத் 'தாங்கள்' தேவையே இல்லை. "தங்கள் ஒன்றியப் பட்டியலின் நகலை" என்று தொடங்குங்கள்.