ராகிக் காட்டுல இருபது யானை: அந்தப் படம் வந்தவங்க பார்த்ததைச் சொல்லுங்க

ராகிக்களி
ஓசூர் பக்கம் ராகிக் காட்டுல யானைன்னு வாட்ஸ்அப்புல சுத்தற படம் எல்லாருக்கும் வந்திருக்கும், திரும்பப் போடல. பொழுது சாயுற வெளிச்சம், வரிசையா யானைங்க, மேல செவப்புப் பட்டையில "சானமாவு காட்டிலிருந்து 20 யானைகள், மக்கள் வெளியே வரவேண்டாம்". எல்லாரும் யானையை எண்ணிட்டு இருந்தாங்க. நிஜமா, கம்ப்யூட்டர் வரைஞ்சதான்னு தெரியணும்னா பயிரைப் பாருங்க. ராகிக் கதிர் விரலை உள்ள மடக்கின கை மாதிரி இருக்கும். அதுல ஒவ்வொரு தாளுக்கு மேலயும் நீட்டா மீசை வச்ச கதிர் நிக்குது. அது கோதுமை. ஓசூர் பக்கம் கோதுமை யாரு போடறாங்க? அதைவிட, யானை நடந்து வந்த தடமே இல்ல. ஒரு யானை புகுந்தாலே பயிர் சாஞ்சு தடம் பிரிஞ்சு தெரியும். இதுல காலை ஒட்டியே தாள் நேரா நிக்குது. அந்தக் கால்தான் இன்னும் கண்ணுல நிக்குது.

காட்டோரம்
பயிர் சரி. யானையே தப்புங்க. எண்ணிப் பார்த்தா 14தான் வருது, அதுல 11க்கு நீளத் தந்தம். குட்டியை ஒட்டி நிக்கற யானைக்கும் தந்தம். நம்ம யானையில பொட்டைக்குத் தந்தம் இப்படி நீட்டிட்டு வராது. சிலதுக்கு வாயோரமா சின்னதா தெரியும், அவ்வளவுதான். குட்டியோட வர்ற கூட்டம்னா பெரும்பாலும் பொட்டைங்கதான். வளர்ந்த கொம்பன் அனேகமா தனியாவோ, ரெண்டு மூணாவோ சுத்தும். ரெண்டு பாலுக்கும் தந்தம் இருக்கறது ஆப்பிரிக்க யானைக்கு. காதையும் பாருங்க, தோளை மூடற அளவுக்கு விசிறி மாதிரி. முதுகு மட்டும் நம்மூரு யானை மாதிரி வளைஞ்சிருக்கு. ரெண்டு ஊரு யானையையும் கலந்து வச்சிருக்கு. ஆப்பிரிக்காவுல எடுத்த பழைய படத்தை யாரோ நம்மூருன்னு போட்டிருந்தா, காது, முதுகு, தந்தம் மூணும் ஒத்துப்போகும். இதுல ஒத்துப்போகல.

ஆனா இந்தத் தந்தக் கணக்கைத் தலைகீழாப் போடாதீங்க. தந்தம் இல்லாத யானை ஒண்ணு இருந்துட்டா படம் நிஜம்னு ஆயிடாது. ஆணுலயே தந்தம் இல்லாத மக்னா உண்டு.

ஆறாவது_விரல்
இவ்வளவு ஆராய்ச்சி எதுக்குங்க? ஓரத்துல ஒருத்தர் கை நீட்டிட்டு நிக்கறார், விரலை எண்ணினா முடிஞ்சது. நான் எண்ணினேன், அஞ்சுதான். அப்ப நிஜமா இருக்கவும் வாய்ப்பு உண்டு. சந்தேகத்துக்குப் படம் சோதிக்கற ஒரு தளத்துல போட்டேன், "88 சதவீதம் செயற்கை"ன்னு வந்துச்சு. ஒண்ணும் புரியல.

ஃபிலிம்_ரோல்
தம்பி, விரல் கணக்கு இப்ப எடுபடாது. புதுசா வர்ற கருவிங்க கையை ஒழுங்காவே வரையுது. ஆறு விரல் இருந்தா சந்தேகப்படலாம், அஞ்சு இருந்தா ஒண்ணும் சொல்ல முடியாது. அந்த 88ஐயும் பிடிச்சுட்டுத் தொங்காதீங்க. அதே படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் திரும்பப் போட்டுப் பாருங்க, எண்ணு மாறினாலும் மாறும். வாட்ஸ்அப் சுருக்கின படத்துல அந்தத் தளங்க தேடற நுண்ணிய தடயமே பாதி அழிஞ்சிருக்கும்.

நான் பார்த்தது எழுத்தை. படத்தோட வலது கோடியில ஒரு பஸ் நிக்குது. அதைப் பெருசு பண்ணினா ஊர்ப் பலகையில தமிழ் மாதிரியே ஒண்ணு இருக்கு, தமிழ் இல்ல. கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராம நடுவுல ஒட்டியிருக்கு, புள்ளி காலுக்கு மேல உட்கார்ந்திருக்கு. நம்பர் பிளேட்டுல ஓசூருக்கு டி.என். 70, கிருஷ்ணகிரிக்கு 24, தருமபுரிக்கு 29. இதுல முதல் ரெண்டு எழுத்து முடிஞ்சதும் மீதியெல்லாம் கரைஞ்சு போயிருக்கு. மேல இருக்கற செவப்புப் பட்டை எழுத்து மட்டும் சுத்தமா இருக்கு, ஏன்னா அது யாரோ பின்னாடி ஒட்டினது. அதனால தேடும்போது பட்டையை வெட்டிட்டு யானைப் பகுதியை மட்டும் கூகுள் லென்ஸ்ல போடுங்க. டின்ஐ தளத்துல பழசு முதல்ல வர்ற மாதிரி அடுக்கலாம். எனக்கு ரெண்டுலயும் ஒண்ணும் கிடைக்கல. கிடைக்காததால போலின்னும் சொல்லிட முடியாது. நேத்து எடுத்த நிஜப் படமும் கிடைக்காது.

மாங்கா_மண்டி
யானை இப்ப எந்தப் பக்கம் போயிருக்கு? எங்க தோப்பு ராயக்கோட்டை ரோட்டு மேல. ராத்திரி காவலுக்கு ஆள் வைக்கணுமா வேண்டாமா?

ராகிக்களி
அண்ணா, அந்தக் கூட்டமே இல்லங்கறதைத்தான் பேசிட்டு இருக்கோம். நிஜமா எங்க நிக்குதுன்னு வனத்துறை ஆபீசுல கேளுங்க.

ஏரிக்கரை
எல்லாத்தையும் கம்ப்யூட்டர் வரைஞ்சதுன்னு தள்ளறதும் தப்பு. 2024 டிசம்பர்ல பெஞ்சல் மழையில ஊத்தங்கரை ரோட்டுல நிறுத்தியிருந்த வேனு, காரெல்லாம் தண்ணியில உருண்டு போச்சே. அதைப் பார்த்து "கிராபிக்ஸ்"ன்னு சொன்ன ஆளுங்க எங்க குரூப்புலயே உண்டு. வேனு பொம்மை மாதிரி மிதந்தா அப்படித்தான் தோணும். நிஜம்னு எதை வச்சுத் தெரிஞ்சுது? வேற வேற ஆளு, வேற வேற பக்கத்துல நின்னு எடுத்திருந்தாங்க. ஒருத்தர் எடுத்ததுல முன்னாடி இருந்த வண்டி இன்னொருத்தர் எடுத்ததுல பின்னாடி வந்துச்சு. இருபது யானை ரோட்டோரம் நின்னா ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு படம் எடுத்துட்டுப் போயிருப்பாரா? பஸ்ஸே நின்னிருக்கே, உள்ள இருந்தவங்க யாருகிட்டயும் போன் இல்லையா?

இன்னொண்ணு, பஸ் எழுத்து கரைஞ்சிருக்குன்னு மேல சொன்னாரு. போன்ல பத்து மடங்கு ஜூம் வச்சு எடுத்தா நிஜப் பலகையும் அப்படித்தான் கரையும். போனே தெரியாத எழுத்தை ஊகிச்சு நிரப்பும். என் போன்ல எடுத்த பெயர்ப்பலகையே வேற்றுமொழி மாதிரி இருக்கு.

ஃபிலிம்_ரோல்
ஒத்துக்கறேன். ஆனா ஜூம் வச்சா பஸ்ஸும் பக்கத்துல இருக்கற யானையும் ஒரே மாதிரி மழுங்கணும். இதுல யானைத் தோலோட சுருக்கம் ஒவ்வொண்ணும் தெரியுது, அதே தூரத்துல நிக்கற பஸ் எழுத்து மட்டும் குழம்பியிருக்கு.

மூலத்தைப் பத்தி ஒண்ணு. உங்களுக்கு வந்த கோப்புப் பேரு `IMG-20251104-WA0013.jpg` மாதிரி இருக்கும். அந்தத் தேதி உங்க போனுக்கு வந்த தேதி, எடுத்த தேதி இல்ல. "நவம்பர் 4ல எடுத்ததுன்னு போட்டிருக்கே"ன்னு ஒருத்தர் சண்டைக்கே வந்தாரு. சாதாரணமா படமா அனுப்பினா, எடுத்த நேரம், கேமரா மாடல்னு உள்ளே இருக்கற விவரத்தை வாட்ஸ்அப் கழட்டிடும். டாக்குமெண்டா அனுப்பினாதான் அப்படியே வரும். அப்படிக் கிடைச்சா கம்ப்யூட்டர்ல exiftool போட்டுட்டு இதை அடிச்சுப் பாருங்க:

```
exiftool -a -G1 padam.jpg
```

போன்ல எடுத்ததுன்னா மாடல் பேரு, நேரம், லென்ஸ் விவரம் வரிசையா வரும். படம் வரையற சில கருவிங்க தானே உண்மையைச் சொல்லிடும். `trainedAlgorithmicMedia` அப்படின்னு ஒரு வரி வந்தா அதோட முடிஞ்சது. ஒண்ணுமே வரலன்னா, வழியில யாரோ கழட்டியிருக்காங்கங்கறதைத் தவிர எதுவும் தெரியாது. கேமரா விவரத்தைப் பொய்யா எழுதவும் முடியும், அதையும் மனசுல வச்சுக்கணும்.

ஆறாவது_விரல்
அப்ப எனக்கு வந்த இன்னொரு படத்துக்கு என்ன சொல்றீங்க? அஞ்செட்டி ரோடு, மழை, ஒத்தைக் கொம்பன், முகப்பு விளக்கு வெளிச்சம். பயிர் இல்ல, பஸ் இல்ல, எழுத்தும் இல்ல.

காட்டோரம்
பார்த்தேன். காது சின்னது, தலை ரெண்டு மேடா பிரிஞ்சிருக்கு, தும்பிக்கையோட அடியில செம்புள்ளி. யானை நம்மூரு யானைதான். ஈர ரோட்டுல அதோட நிழல் விளக்குக்கு எதிர்ப்பக்கமா சரியாவே விழுந்திருக்கு. எனக்கு நிஜம்னுதான் படுது. அஞ்செட்டின்னு சொல்ல மட்டும் எதுவும் இல்ல.

ஃபிலிம்_ரோல்
எனக்கு அப்படிப் படல. மழைக்கோடு ரோட்டு மேல தெரியுது, யானை மேல ஒரு கோடு கூட இல்ல. யானையை வெட்டி ஒட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கறுத்த உடம்பு மேல கோடு இன்னும் நல்லாத் தெரியணும். அனுப்பினவர்கிட்ட டாக்குமெண்டா கேளுங்க.

ஆறாவது_விரல்
கேட்டேன். அவருக்கு அவரு மச்சான் அனுப்பினதாம். மச்சானுக்குக் குரூப்புல வந்ததாம். இப்ப அந்தக் குரூப்புல இருக்கற படத்துக்கு மேல ரெட்டை அம்புக்குறி.