பெரியம்மா போட்டோவுல தீபாவளி சேலை போட்டுப் பாக்கணும், முகம் மாறிப் போகுது, உதவி பண்ணுங்க

செந்தூல்_கவி

வணக்கம் எல்லாருக்கும். பெரியம்மாவுக்கு 74 வயசு, பட்டர்வொர்த்ல தனியா இருக்காங்க, நான் கேஎல்ல. முன்னெல்லாம் தீபாவளிக்கு ஃபெரி ஏறி லிட்டில் இந்தியா போயி கடை கடையா சேலை பாப்பாங்க, இப்ப முட்டி வலி, படி ஏற முடியல. கடைக்காரம்மா வாட்ஸ்அப்ல சேலை படம் அனுப்புறாங்க, ஆனா "மடிச்சு வெச்ச சேலைய பாத்து நான் எப்படி எனக்கு நல்லாருக்கும்னு சொல்றது"ன்னு பெரியம்மா எனக்கு போன் போட்டுட்டே இருக்காங்க.

அதனால போன வாரம் அவங்க போன்ல ஜெமினி ஆப்ல செல்ஃபியையும் சேலை படத்தையும் சேத்துப் போட்டு "இந்த சேலைய கட்டிக் காட்டு"ன்னு சொல்லிக் குடுத்தேன். படம் வந்துச்சு. பாத்துட்டு "இது நான் இல்ல, யாரோ"ன்னுட்டாங்க. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல, "மூக்குத்தி பக்கமே முந்தானை வருது, என்னமோ தப்பு"ன்னாங்க. எனக்கு ஒன்னும் வித்தியாசம் தெரியல, கொஞ்சம் ஒல்லியா தெரிஞ்சாங்க, அவ்ளோதான். முகத்த மாத்தாம செய்ய என்ன வழி? அவங்களே தனியா செய்யற மாதிரி ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கணும், தமிழ் மட்டும்தான் படிப்பாங்க.

கிள்ளான்_மாமி

எதுக்கும்மா இந்த வம்பு, அவங்க பிளவுஸ் அளவு எடுத்து கடைக்கு அனுப்பிடு, தெங்கு கிளானா ரோட்ல எனக்குத் தெரிஞ்ச டெய்லர் இருக்கான், தீபாவளிக்கு மூணு வாரம் முந்தியே குடுத்துடணும், அப்புறம் எடுக்க மாட்டான்.

செந்தூல்_கவி

மாமி அளவு பிரச்சனை இல்ல, சேலை பாக்கத்தான்.

ரவாங்_ராஜா

கூகுள்லயே இந்த வசதி இருக்கு சிஸ். துணி பக்கத்துல `Try it on`னு பொத்தான் வரும், போட்டோ போட்டா உங்க மேலயே காட்டும். எதுக்கு ஜெமினி எல்லாம்.

பினாங்கு_தறி

ராஜா சொல்றது பாதி சரி. அந்த வசதிய 2025 மே மாசம் முதல்ல அமெரிக்காவுல தான் விட்டாங்க, அதுவும் கூகுள் ஷாப்பிங்ல வர்ற துணிக்கு. கடைக்காரம்மா வாட்ஸ்அப்ல அனுப்புன சேலைக்கு அந்தப் பொத்தான் எங்கேருந்து வரும். இந்தக் கேஸுக்கு ரெண்டு படத்த சேக்கற வழிதான் சரி.

கவி, உங்க பெரியம்மா கண்ணு ரொம்ப கூர்மை. நான் லெபு பசார்ல துணிக்கடையில பத்து வருஷம் இருந்தவன், இப்ப கடைகளுக்குப் படம் எடுத்துக் குடுக்கறேன். ஒன்னு கேக்கறேன், அவங்க மூக்குத்தி எந்தப் பக்கம்? அந்த செல்ஃபிய மட்டும் தனியா திறந்து பாருங்க, ஜெமினி படம் வேணாம், ஒரிஜினல்.

செந்தூல்_கவி

வலது மூக்கு. இருங்க பாக்கறேன்.

ஐயோ. ஒரிஜினல் செல்ஃபியிலயே இடது மூக்குல இருக்கு!

பினாங்கு_தறி

அதேதான். முகத்த ஜெமினி மாத்தல, கேமரா கண்ணாடி மாதிரி திருப்பி சேவ் பண்ணியிருக்கு. எப்படின்னா, நேரா எடுத்த போட்டோவுல வலது மூக்குத்தி நமக்கு இடது பக்கம் தெரியும், இடது தோள் முந்தானை நமக்கு வலது பக்கம் தெரியும், ரெண்டும் எதிரெதிர்ல. திருப்பின செல்ஃபியில மூக்குத்தி நமக்கு வலது பக்கம் வந்துடும். ஆனா ஜெமினிக்கு இது தெரியாது, கடை மாடல் படத்துல இருக்கற மாதிரி முந்தானைய நமக்கு வலது பக்கமே போடும். ரெண்டும் ஒரே பக்கம். அம்பது வருஷமா சேலை கட்டறவங்களுக்கு அது உறுத்தத்தான் செய்யும், நமக்குத் தெரியாது.

சாம்சங் போனா? கேமரா செட்டிங்ல `Save selfies as previewed`னு ஒன்னு இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க. ஆனா உண்மையச் சொன்னா செல்ஃபியே வேணாம். செல்ஃபியில நெஞ்சு வரைக்கும்தான் இருக்கு, மீதி உடம்ப அது கற்பனையா வரையும், அதான் ஒல்லியா தெரிஞ்சாங்க. கொசுவம் எங்க விழுது, கரை கால்ல எவ்ளோ தெரியுதுன்னு பாக்கணும்னா தலைலேருந்து கால் வரைக்கும் ஒரு போட்டோ வேணும். பின் கேமராவுல, யாராவது எடுத்துக் குடுக்கணும். போன அவங்க இடுப்பு உயரத்துல பிடிங்க, மேலேருந்து எடுத்தா கால் குட்டையா வரும்.

செந்தூல்_கவி

பக்கத்து வீட்டுப் பையன் எடுப்பான். என்ன துணி போட்டுட்டு எடுக்கணும்?

பினாங்கு_தறி

உடம்போட ஒட்டின மாதிரி, பூ டிசைன் இல்லாத துணி. நைட்டி வேணாம், நைட்டியோட அகலத்தையே உடம்பு அகலம்னு எடுத்துக்கும். துப்பட்டா, தோள்ல துண்டு எதுவும் வேணாம். ரெண்டு கையும் உடம்புலேருந்து கொஞ்சம் தள்ளி இருக்கணும், கைய முன்னாடி கட்டிக்கிட்டா முந்தானை அங்க உடைஞ்சு வரும். பகல் வெளிச்சம், ஜன்னலுக்கு எதிர்ல நின்னு, முதுக ஜன்னலுக்குக் காட்டாம. அந்த ஒரு படம் போதும், தீபாவளி வரைக்கும் அதையே வெச்சுக்கலாம்.

அதவிட முக்கியம் சேலை படம். மடிச்ச சேலைல கரை இவ்ளோதான் தெரியும், முந்தானை தெரியவே தெரியாது, தெரியாதத அது இஷ்டத்துக்கு வரைஞ்சிடும், அப்புறம் வீட்டுக்கு வந்த சேலைய பாத்து "இது அது இல்லயே"ன்னு கடைக்காரம்மாகிட்ட சண்டை. ஒரு படத்துல ஆறு சேலை வெச்சு அனுப்புவாங்க பாருங்க, அது உதவவே உதவாது. சேலையோட உடம்பும் கரையும் தெரியற மாதிரி ஒன்னு, முந்தானைய விரிச்சு ஒன்னு, ரெண்டு படம் கேளுங்க. நல்ல கடைல மூஞ்ச சுளிக்காம எடுத்துத் தருவாங்க.

சுங்கைசிப்புட்_தேவி

நானும் இப்படி ஒரு ஆப் போட்டேன், பேர் சொல்ல வேணாம், விளம்பரத்துல வந்துச்சு, மூணு நாள் இலவசம்னான், அப்புறம் வாரா வாரம் காசு போயிட்டே இருந்துச்சு. ஆப்ப டிலிட் பண்ணிட்டேன், இன்னும் போகுது, என்ன செய்ய?

பினாங்கு_தறி

ஆப்ப டிலிட் பண்ணா சந்தா நிக்காது அக்கா. ப்ளே ஸ்டோர்ல உங்க படத்த தட்டி `Payments & subscriptions` உள்ள `Subscriptions`, அங்க போயி கேன்சல் பண்ணுங்க. கவி, பெரியம்மா போன்லயும் இத ஒரு தடவ பாத்துடுங்க.

செந்தூல்_கவி

சரி அண்ணா, இப்ப பேப்பர்ல என்ன எழுதறது? அவங்க விரல் கொஞ்சம் நடுங்கும், ஒரு படத்த தொட்டா ரொம்ப நேரம் அழுத்திடறாங்க, படம் திறக்காம டிக் விழுந்துடுது.

பினாங்கு_தறி

அதுக்கு முதல்ல செட்டிங்ல `Accessibility` உள்ள `Touch and hold delay`னு தேடி அத நீளமா வெச்சிடுங்க. மெதுவா தொட்டாலும் சாதாரண தொடுதலாத்தான் எடுத்துக்கும். பாதி சிக்கல் இதுலயே தீரும்.

பேப்பர்ல பொத்தான் பேர் எழுதாதீங்க, உருவம் வரைஞ்சு குடுங்க. கேலரில "நான்"னு ஒரு ஆல்பம், அதுல அந்த முழுப்படம் மட்டும். கடை அனுப்பின படத்த வாட்ஸ்அப்ல திறந்து முதல்ல கேலரில சேமிக்கணும், அதான் முதல் வேலை. அடுத்தது ஜெமினிய திறந்து புது உரையாடல், எழுதற பெட்டி பக்கத்துல கூட்டல் குறி, அதுல "நான்" படம் முதல்ல, சேலை படங்கள் அப்புறம். இந்த வரிசை மாறக்கூடாது, ஏன்னா நம்ம சொல்றது "முதல் படம்"னு. அப்புறம் வாசகம். அத டைப் பண்ண சொல்லாதீங்க, மைக்க தொட்டு பேச சொல்லுங்க, இல்லன்னா நீங்க ஒரு தடவ வாட்ஸ்அப்ல அனுப்பி மேல பின் பண்ணி வெச்சிடுங்க, காப்பி பண்ணி ஒட்டினா போதும்:

```
முதல் படத்தில் இருப்பது நான்.
மற்ற படங்களில் உள்ள சேலையை எனக்குக் கட்டிக் காட்டு.
என் முகம், வயது, உடல் வாகு, மூக்குத்தி எதையும் மாற்றாதே.
முந்தானை என் இடது தோளில் வரட்டும்.
கரையின் அகலமும் டிசைனும் படத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.
```

வயசுன்னு எழுதறத விட்டுடாதீங்க. விட்டா சுருக்கம் எல்லாம் துடைச்சு அம்பது வயசாக்கி விட்டுடும்.

ஒரு விஷயம் மட்டும் பெருசா எழுதி வைங்க: படம் சரியா வரலன்னா அதே பேச்சுல "கரைய சரி பண்ணு", "கைய சரி பண்ணு"ன்னு சொல்லிட்டே போகக் கூடாது. அது தன்னோட போன படத்து மேலயே திருத்தும், நாலாவது தடவ முகம் கண்டிப்பா வேற ஆளாயிடும். புது உரையாடல் தொடங்கி ஒரிஜினல் போட்டோவுலேருந்து மறுபடி.

ரவாங்_ராஜா

வயசானவங்க போட்டோவ கூகுளுக்கு குடுக்கறது சேஃப்பா பாஸ்?

பினாங்கு_தறி

நியாயமான கேள்வி. ஜெமினில ஆக்டிவிட்டி பதிவ ஆஃப் பண்ணலாம், ஆனா ஆஃப் பண்ணாலும் 72 மணி நேரம் வரைக்கும் அவங்ககிட்ட இருக்கும். அதனால ஐசி, வீட்டு நம்பர் பலகை, பேரப்பிள்ளைங்க எதுவும் பின்னாடி தெரியாம வெறும் சுவர் முன்னாடி எடுங்க. அவங்க விருப்பமில்லன்னா விட்டுடுங்க, அது அவங்க மூஞ்சி.

செந்தூல்_கவி

அப்டேட். சனிக்கிழமை போயிட்டு வந்தேன். நான் வாயத் திறக்காம உக்காந்துட்டேன், பெரியம்மா பேப்பர பாத்து அவங்களே செஞ்சாங்க. முதல் தடவ சேலை படத்த முதல்ல போட்டுட்டாங்க, மாடல் பொண்ணு மூஞ்சியோட வந்துச்சு, சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி. ரெண்டாவது தடவ சரியா வந்துச்சு. படத்த பெருசு பண்ணி மூக்குத்திய பாத்தாங்க, தோள பாத்தாங்க, "ம், இப்ப நான்தான்"னாங்க. மாம்பழ மஞ்சள் வேணாம்னு தள்ளிட்டாங்க, கரும்பச்சைல அரக்குக் கரை எடுத்திருக்காங்க.

ஒன்னு மட்டும் இன்னும் புரியல. அதே பச்சை சேலைய மூணு தடவ போட்டோம், ஒரு தடவ பச்சை, ஒரு தடவ மயில் கழுத்து நீலம். எது நெசம்?

பினாங்கு_தறி

அத படத்துல கண்டுபிடிக்க முடியாது. கடைல டியூப்லைட்டுக்குக் கீழ எடுத்தா பச்சை நீலமா விழும், அதுல ஜெமினி வேற தன் பங்குக்கு மாத்தும். அதே மாதிரி சேலை கனம், எப்படி விழும், உடம்புல நிக்குமா வழுக்குமா, இதெல்லாம் இதுல தெரியாது. கடைக்காரம்மாவ சேலைய வாசல்ல எடுத்துட்டு வந்து வெயில்ல ஒரு வீடியோ எடுக்க சொல்லுங்க.

கிள்ளான்_மாமி

வெயில்லயும் மாறும்பா. மயில் கழுத்துன்னா அப்படியும் இப்படியும் திரும்பினா ரெண்டு கலரும் தெரியும், ஊடு ஒரு நூல் பாவு ஒரு நூல். பச்சைன்னு அவ சொன்னாளா, மயில் கழுத்துன்னு சொன்னாளா?

செந்தூல்_கவி

மாமி, அவங்க எழுதினது "கிரீன் மிக்ஸ்"னு மட்டும். கேட்டுட்டு வர்றேன்.